ஐந்நூற்று இருபத்து மூன்றரை வெள்ளி

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் வாழும் ஆசிரியை ஒருவருக்கு ஏப்ரல் மாதத்து இரவொன்றில் தம்பியிடமிருந்து நீண்ட செய்தி வந்தது. தம்பி சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளி. முதலாளிக்கு அனுப்பவிருந்ததை அக்காவிடம் முதலில் காட்டியிருந்தான். "மூன்று மாதமாக ஓ.டி. காசு ஒரு வெள்ளிகூடத் தரவில்லை. எங்கள் உழைப்பை உறிஞ்சுகிறீர்கள். 1,150 வெள்ளி வர வேண்டும். தராவிட்டால் அமைச்சுக்குப் போவேன்" என்பது அதன் சாரம்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் அக்காவை நிறுத்தியது கோபமன்று, முதல் வாக்கியம். சம்பளச் சீட்டுகளின் படங்களை வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் மிகைநேரம் என்ற தலைப்பில் 100 வெள்ளி இருந்தது. "ஒரு வெள்ளிகூட" என்பது பொய்யாகிவிடும். அந்த ஒரு சொல்லைக் காட்டியே முழுக் கடிதத்தையும் கணக்காளர் ஒதுக்கிவிட முடியும்.

அடுத்தது தொகை. தரகர் வாய்மொழியாகச் சொன்ன 800 வெள்ளியை வைத்துத் தம்பி கணக்கிட்டிருந்தான். வேலை அனுமதிக்கு முன் வந்த ஒப்புதல் கடிதத்திலோ அடிப்படைச் சம்பளம் 572 என்றும், மீதி படிகள் என்றும் இருந்தது. சிங்கப்பூர்ச் சட்டப்படி மிகைநேர ஊதியம் அடிப்படைச் சம்பளத்தின்மேல்தான் கணக்கிடப்படும், படிகள் சேரா. மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணி நேரத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம் கிடைக்கும். 572க்கு அது சரியாக 3 வெள்ளி. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4.50.

மணிக்கணக்கிலும் திருத்தம் இருந்தது. உணவு இடைவேளை வேலை நேரமாகாது. தம்பி நாள்தோறும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்த நேர அட்டைகளைக்கொண்டு, இடைவேளையைக் கழித்து, இருவரும் இரண்டு இரவுகள் கூட்டினர். ஞாயிறு வேலைக்கு விதி வேறு என்பதால் அதைக் கலக்கவில்லை.

"குறைஞ்சு போச்சே அக்கா" என்றான் தம்பி.

"குறையட்டும். இதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் அவர்.

கடைசி வரியைப் பற்றித்தான் அதிகம் பேசினர். வேலை அனுமதியை முதலாளி ரத்து செய்துவிட்டால், தரகருக்காக வாங்கிய கடனோடு அவன் ஊர் திரும்ப நேரிடும். ஆகவே மிரட்டலாக எதுவும் வேண்டாம் என்பது தம்பியின் அச்சம். புகார் வழியையே மறைத்துவிட்டால் கடிதம் வெறும் விண்ணப்பமாகிவிடும் என்பது அக்காவின் எண்ணம். இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்டது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். ஜனவரி முதல் மார்ச் வரை வார நாள்களில் நான் செய்த மிகைநேர வேலை முறையே 58, 64, 61 மணி நேரம், மொத்தம் 183. எனது அடிப்படைச் சம்பளம் 572 வெள்ளி என்பதால் மணிக்கு 4.50 வீதம் வர வேண்டியது 823.50 வெள்ளி. மாதம் 100 வீதம் 300 வெள்ளி பெற்றுக்கொண்டேன், நன்றி. மீதி 523.50 வெள்ளி. நேர அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். என் கணக்கில் பிழை இருந்தால் எந்த நாள், எத்தனை மணி என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இல்லையெனில் ஏப்ரல் 30க்குள் தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் தீர்வு காணாவிட்டால் சமரசத்துக்காக முத்தரப்பு அமைப்பை அணுக விரும்புகிறேன். தொடர்ந்து இங்கு வேலை செய்யவே விரும்புகிறேன்."

"நன்றி எதுக்கு?" என்று கேட்டான். அந்த 300ஐ அவன் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று என்றார் அக்கா. பிழையைக் காட்டக் கேட்கும் வாக்கியத்தை அவர் பெரிதும் விரும்பினார். அதற்கு "பார்க்கலாம்" என்று பதில் எழுதுவது எளிதன்று.

விடுதித் தோழன் ஒருவன் அதை ஆங்கிலத்தில் எழுதித் தர, வாட்ஸாப்பில் அலுவலகத்துக்குச் சென்றது. அன்றே கணக்காளரிடமிருந்து, பிப்ரவரியின் இரண்டு நாள்களைப் பற்றி மட்டும் கேள்வி வந்தது. அவ்விரு நாள்களின் அட்டைப் படங்களைத் தம்பி உடனே அனுப்பினான். பணம் இன்னும் வரவில்லை.

மிகைநேர ஊதியம் சம்பளக் காலம் முடிந்து 14 நாள்களுக்குள் தரப்பட வேண்டும். ஜனவரிக்கான கெடு பிப்ரவரி 14. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள் முறையிட வேண்டும், வேலையை விட்டவருக்கோ ஆறு மாதமே. முதலாளியின் பதிலுக்குக் காத்திருப்பதால் அந்தக் காலம் நீளாது. சௌல்தாரி வீட்டுச் சுவரில் அடுத்த ஆண்டு நாட்காட்டி இன்னும் இல்லாததால், இவ்வாண்டின் டிசம்பர் தாளின் பின்புறத்தில் அக்கா அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.