காப்பாளரின் கடிதம்

நெய்யூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கை மகளிடம் காப்பாளர் கொடுத்தனுப்பிய கடிதம் பண்பாகவே இருந்தது. உணவுச் செலவு 10 சதவீதம், பணியாளர் சம்பளம் 15, மின்சாரம் 5 ஏறிவிட்டதால், மாதக் கட்டணம் 5000 ரூபாயிலிருந்து 30 சதவீதம் உயர்கிறதாம்.

கூட்டலில் பிழையில்லை, கூட்டியதுதான் பிழை. ஒவ்வொன்றும் தத்தம் செலவின் மேல் ஏறியது. மொத்தத்தின் மேல் அல்ல. நேரில் கேட்டபோது பழைய பங்குகளைச் சொன்னார்: உணவுக்கு 3000, சம்பளத்திற்கு 1500, மின்சாரத்திற்கு 500. அப்படியானால் உயர்வு முறையே 300, 225, 25. ஆக 550 ரூபாய், அதாவது 11 சதவீதம். கடிதமோ 1500 கேட்டது.

நல்லவேளை, ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாட்களேனும் தங்கினால் விடுதி வாடகைக்கு 2024 ஜூலை முதல் விலக்குண்டு.

“சதவீதத்த சதவீதத்தோட கூட்டப்பிடாதா அண்ணாச்சி?” என்றபடி கால்குலேட்டரை எடுத்தார்.