மரத்தடி மழை

குற்றாலத்துச் சாரலில் நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெட்டவெளியில் பூத்தூறலாக, தலைமுடியில் முத்து கோத்ததுபோல் நிற்கும். ஒதுங்கலாம் என்று ஒரு மரத்தடிக்குப் போனால் அங்கேதான் சொட் சொட்டென்று பெரிய துளிகள் உச்சந்தலையில் விழும். சாரல் நின்று கால் மணி நேரம் ஆன பிறகும் மரத்தடியில் மழை பெய்துகொண்டே இருக்கும்.

இலைமேல் விழும் சின்னத் தூறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை நுனிக்கு ஓடி வருகின்றன. பாரம் தாங்காத அளவுக்குப் பெருத்த பிறகுதான் அங்கிருந்து கழன்று விழுகின்றன. அதனால் மேலே தூறலாக இருந்தாலும் அடைமழையாக இருந்தாலும், இலையிலிருந்து விழுவது ஏறக்குறைய ஒரே அளவான பெரிய துளிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் மண் அரிப்பு மாதிரிக்கு இதுதான் அச்சாணி.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் மண் அரிப்பு மாதிரி இல்லாத வருடத்தை நான் பார்த்ததில்லை. மூன்று தட்டுகள் இருக்கும். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் புல், ஒன்றில் பிளாஸ்டிக் மரங்கள். பிள்ளைகள் மக்கில் தண்ணீர் மொண்டு மேட்டுப் பக்கம் ஊற்றுவார்கள். வெறும் மண்ணிலிருந்து சேற்றுத் தண்ணீர் வரும், மற்ற இரண்டிலிருந்தும் தெளிந்து வரும். "மரம் வளர்ப்போம், மண் காப்போம்" என்று எழுதிய அட்டை பின்னால் தொங்கும்.

இதில் மழையே இல்லை என்பதுதான் குறை. மக்கில் ஊற்றுவது ஓடைத் தண்ணீர், மழைத் துளி அல்ல. மண் அரிப்பு ஓடும் தண்ணீரால்தான் தொடங்குகிறது என்று உலகமே வெகுகாலம் நினைத்திருந்தது. 1940களில் அமெரிக்காவில் எல்லிசன் என்பவர் துளி விழும் இடத்தையே கவனித்தார். கம்பி வலைமேல் துணி விரித்து, அதிலிருந்து நூல் துண்டுகளைத் தொங்கவிட்டு, நூல் நுனியில் துளி திரண்டு விழும்படி செய்தார். விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன வெடிபோல மண்ணை உடைத்துச் சிதறடிப்பது தெரிந்தது. உடைந்த மண்ணைச் சுமந்து போவதுதான் ஓடும் தண்ணீரின் வேலை. நம் ஊரில் இதற்குச் சாட்சி வீட்டுக்கு வீடு உண்டு. வெள்ளையடித்த சுவரின் அடிப்பாகத்தில் மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளிகள் இருக்குமே, அவை துளிகள் தெறித்தடித்த மண்தான்.

1980களின் பிற்பகுதியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்த மாதிரியைச் செய்ய வந்தாள். தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. அவள் வீட்டுக்குச் சரிவில் ஒரு தேக்கந்தோப்பு இருந்தது. "சார், எங்க தோப்புல நிறைய மரம் இருக்கு. ஆனாலும் மழைக்கு மண்ணு போகுதே, ஏன் சார்?" என்று கேட்டாள். அட்டையில் எழுதும் வாசகத்துக்கு எதிரான கேள்வி. அதையே செய்து பார்ப்போம் என்றேன்.

தகரப் பட்டறையில் மூன்று தட்டுகள் செய்யச் சொன்னோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், நாலு அங்குல ஆழம். தாழ்ந்த பக்கத்தில் மண் மட்டத்துக்கு ஒரு மூக்கு, அடியில் சில ஆணித் துளைகள். அடித்துளை இல்லாவிட்டால் தட்டு வாளிபோல நிரம்பி மண் கூழாகிவிடும். அப்புறம் மூன்று தட்டும் ஒன்றுபோலச் சரிந்து விழும், எதையும் ஒப்பிட முடியாது. துளைகள்மேல் பழைய துணி, அதன்மேல் ஓரங்குலம் மணல், அதன்மேல் அவள் தோப்புச் செம்மண். மூன்றுக்கும் ஒரே சல்லடையில் சலித்த மண்ணைப் போட்டு, ஒரே பலகையால் லேசாகத் தட்டி, முதல் நாள் இரவே ஈரமாக்கி வைத்தோம். ஒரு தட்டு காய்ந்தும் ஒரு தட்டு ஈரமாகவும் இருந்தால் காய்ந்தது தண்ணீரைக் குடித்துவிடும். மேட்டுப் பக்கம் ஆளுக்கொரு செங்கல்லைப் படுக்கையாக வைத்தோம். இரண்டடிக்கு மூன்று அங்குலம் ஏற்றம், அதாவது எட்டடிக்கு ஓரடி.

முதல் தட்டு வெறும் மண். இரண்டாவதும் வெறும் மண்தான், ஆனால் அதற்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் கம்பில் கட்டிய இரண்டு தேக்கிலைகள். மூன்றாவதிலும் மேலே அதே தேக்கிலைகள், மண்மேல் இரண்டு கைப்பிடிச் சருகு. சருகை முந்தின இரவே நனைத்து மண்ணோடு ஒட்டிப் படியும்படி பரப்ப வேண்டும். காய்ந்த சருகு மிதந்துபோய் மூக்கை அடைத்துக்கொள்ளும்.

மழைக்கு, பொடித் துளை போட்ட பூவாளி. பெஞ்சுமேல் ஏறி, இலைகளுக்கும் மேலே ஒரே உயரத்திலிருந்து தட்டுக்கு ஐந்தரை லிட்டர் தூவினோம். அந்தப் பரப்பில் அது சுமார் 30 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அரை மணி நேரம் நிதானமாகத் தூவினால் நல்ல கனமழையின் கணக்கு. இலையிலிருந்து ஒரே இடத்தில் சொட்டிக் குழி பறிக்காமலிருக்க அவள் கம்பை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொரு தட்டிலும் நாலைந்து நாலணாக் காசுகளை மண்மேல் படுக்க வைத்திருந்தோம். மழை முடிந்ததும் குனிந்து பார்த்தால் முதல் தட்டில் காசுகள் சற்றே மேடாகத் தெரிந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு காசும் ஒரு மண்தூண்மேல் நின்றது. சுற்றியிருந்த மண் போய்விட்டது, காசு குடை பிடித்த மண் மட்டும் மிச்சம். சருகுத் தட்டில் காசுகள் வைத்தபடியே கிடந்தன. மூக்கில் வந்த தண்ணீரும் இதையே சொன்னது. மரம் இருந்தும் சருகு இல்லாத தட்டுத் தண்ணீர்தான் மூன்றிலும் கலங்கல்.

காரணம் துளியின் வேகம். அரை மில்லிமீட்டர் தூறல் துளி எவ்வளவு உயரத்திலிருந்து வந்தாலும் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில்தான் விழும், காற்று தடுத்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் துளி 9 மீட்டர் வேகம்வரை எட்டும். ஒரே ஒரு லிட்டர் தண்ணீர், தூறலாக விழுவதைவிடப் பெருந்துளியாக விழும்போது சுமார் 20 மடங்கு பலத்தோடு அடிக்கிறது. ஒன்றரை மீட்டர் உயர இலையிலிருந்து விழும் துளிக்கு அந்த வேகம் கிடையாது, விநாடிக்கு 5 மீட்டர் பக்கம்தான். பத்து மீட்டர் உயர மரமென்றால் அநேகமாக முழு வேகத்தையும் எட்டிவிடும். குட்டைச் செடி மண்ணைக் காப்பதும், உயர்ந்த மரம் தனியாக நின்றால் காக்காததும் இதனால்தான். காட்டில் மண்ணைக் காப்பது மரத்தின் காலடியில் கிடக்கும் சருகும் சிறு செடிகளும்.

தண்ணீரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் அவளுக்குச் சொன்னேன். ஒரு சிட்டிகை களிமண் ஒரு குடத்தையே கலக்கிவிடும், ஒரு பிடி மணல் அடியில் தங்கித் தண்ணீரைத் தெளிவாகக் காட்டும். அதனால் மூன்று பாட்டில்களிலும் துளி படிகாரம் போட்டு இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, மண்ணை வெயிலில் காயவைத்து, நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். வரிசை மாறவில்லை.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் இரண்டாவது தட்டைப் பார்த்து, "மரம் வெச்ச தட்டுல தண்ணி கலங்கி வருதே. மாதிரி சரியா வேலை செய்யலையாம்மா?" என்றார். அவள் பயப்படவில்லை. "சரியாத்தான் சார் செய்யுது. இது சருகைக் கூட்டி எரிச்ச தோப்பு சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு எரிமலைக்குப் போனது.

மறுநாள் தட்டுகளை எடுத்துப்போக அவள் தாத்தா வந்தார். பெரியவருக்கும் ஒருமுறை தூவிக் காட்டினோம். காசு நின்ற மண்தூண்களை வெகுநேரம் பார்த்தார். "சருகு கெடந்தா தேளு, பாம்பு அடையும் வாத்தியாரய்யா. கோடையில தீப் பத்தும். அதுக்குத்தான கூட்டுறது" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. தட்டில் தேளும் இல்லை, தீயும் இல்லை. பிறகு அவரே, "ஏட்டி, வரப்பையும் நடபாதையையும் மட்டும் கூட்டுவோம். சரிவுல கெடக்கதை ஐப்பசி மழை முடியிற வரைக்கும் தொட வேண்டாம்" என்று பேத்தியிடம் சொன்னார். பரிசு கிடைக்காத குறையை அந்தப் பிள்ளை அதோடு மறந்துவிட்டாள்.

தட்டுக்கு எல்லையும் உண்டு. இந்த அளவுத் தட்டில் 18 கிராம் மண் போனால், பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஹெக்டேருக்கு ஒரு டன் என்று கணக்கு வரும். அதை அட்டையில் எழுத ஆசையாக இருக்கும், எழுதக் கூடாது. இரண்டடிச் சரிவில் தண்ணீர் ஓடித் திரண்டு வாய்க்கால் பறிக்க இடமே இல்லை. அதற்காகத்தான் ஆராய்ச்சியாளர்கள் 22 மீட்டர் நீள நிலத்தை அளவாக வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளக் காலத்தில் அருவி உருட்டி வரும் கல்லுக்கும் மணலுக்கும் ஓடைக்கரை இடிவது, மலைச்சரிவு பெயர்வது என்று வேறு காரணங்களும் உண்டு. எந்தத் தட்டு அதிகம் இழக்கிறது என்று ஒப்பிட மட்டுமே இந்த மாதிரி உதவும்.

தட்டு செய்யப் பேரப்பிள்ளைகள் இல்லாதவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் ஒன்று செய்யலாம். வீட்டு மாமரத்தடியில் கூட்டிய இடத்தில் இரண்டு காசும், கூட்டாத இடத்தில் சருகை விலக்கி இரண்டு காசும் வைத்து, விலக்கிய சருகை மறுபடி மூடிவிடுங்கள். பெரிய மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள். அவசரப்பட்டுக் காசை எடுத்துவிடாதீர்கள். கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். காசுக்கடியில் நிற்கும் தூணின் உயரம்தான் அந்த ஒரு மழைக்குப் போன மண்.