காடியில் அமராத சர்க்ளிப்

எந்திர உறுப்புகள் ஒன்றையொன்று தொட்டு வரிசையாக அமரும் இடத்தில், அவற்றின் நீளங்கள் கூடியும் கழிந்தும் இறுதியில் ஓர் இடைவெளியை விட்டுச்செல்கின்றன; அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் அளவுகளின் தொடருக்குப் பரிமாணச் சங்கிலி என்று பெயர். எந்த அளவையும் லேத்தில் துல்லியமாக அப்படியே கடைந்தெடுக்க இயலாது என்பதால், ஒவ்வொன்றும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற எல்லையை வரைவாளர் குறிக்கிறார்; இதுவே டாலரன்ஸ் எனப்படுவது. எல்லா எல்லைகளும் பாதகமான திசையில் ஒன்றுசேரும்போது இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே போனால், அதை எதிர்மறை இடைவெளி என்பர். உறுப்புகளுக்குத் தேவைப்படும் இடம் அவற்றுக்குத் தரப்பட்ட இடத்தைவிட அதிகம் என்பதே அதன் பொருள்.

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையின் ஒரு சிறு பட்டறையில் இந்த நிலையைக் கண்ணால் காண முடிந்தது. அங்கே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லி ஒன்றின் முதல் ஆறு மாதிரிகள் கூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. சுழலாத எஃகு ஊசி ஒன்றின் தோளில், அதாவது ஊசியின் விட்டம் திடீரெனப் பெருக்கும் படியில், முதல் பேரிங் முட்டி நிற்கும். அதையடுத்து ஸ்பேசர் எனப்படும் இடைக்குழல், அதையடுத்து இரண்டாவது பேரிங், இறுதியாக இவை வெளியே நழுவாதபடி ஊசியின் காடியில் விரிந்து அமரும் சர்க்ளிப் என்ற வில்வளையம். நான்கு மாதிரிகளில் சர்க்ளிப் தடையின்றி அமர்ந்தது. மற்ற இரண்டில் பேரிங்கின் முகம் காடியின் மேல் ஏறி நின்றதால் வளையம் உள்ளே இறங்கவில்லை.

கூட்டிணைப்பு மேசையில் இருந்த மூத்த பிட்டர், “லாக்கு உக்கார மாட்டேங்குதுங்க அம்மிணி, ஸ்பேசர ஒரு பொடி தேச்சு விட்டுரலாமுங்களா?” என்று கேட்டார். வரைபடத்தை வரைந்த இளம்பெண் படிப்பை முடித்து இரண்டாம் ஆண்டில் இருப்பவர். “வேண்டாமுங்கண்ணா, முதல்ல எல்லாத்தையும் அளந்துருவோம்” என்று அவர் மறுத்தார். ஸ்பேசரைத் தேய்த்திருந்தால் அந்த இரண்டு மாதிரிகளும் கூடியிருக்கும், பிழையோ வரைபடத்திலேயே தங்கி அடுத்த நூறு ஊசிகளிலும் தொடர்ந்திருக்கும்.

அமராத மாதிரி ஒன்றை மைக்ரோமீட்டரிலும் வெர்னியரிலும் அளந்தபோது, பேரிங்குகள் ஒவ்வொன்றும் 13.99 மி.மீ., ஸ்பேசர் 30.08, சர்க்ளிப்பின் தடிமன் 1.17 என்று தெரிந்தது. இவற்றின் கூட்டுத்தொகை 59.23. ஊசியின் தோளிலிருந்து காடியின் வெளிச்சுவர்வரை இருந்த இடமோ 59.10 மட்டுமே. குறை 0.13 மி.மீ. ஆயினும் ஒவ்வோர் உறுப்பும் வரைபடத்தில் குறித்த எல்லைக்குள்ளேயே இருந்தது. டர்னர்மீதோ வாங்கிய பேரிங்மீதோ குற்றம் சொல்ல இடமில்லை என்பதை அந்த அளவுகளே காட்டின.

பிழை எப்படி நுழைந்தது என்பதை அந்தப் பெண் தம் வரைபடத்திலேயே தேடினார். ஊசியில் பேரிங் அமரும் பகுதி 14, ஸ்பேசருக்கு அடியில் சற்றே விட்டம் குறைத்த பகுதி 30, மீண்டும் பேரிங் பகுதி 14, பிறகு காடி 1.3 என்று, மேலே அமரும் உறுப்புகளின் நீளத்தைப் பார்த்து ஊசிக்கும் தொடர்ச்சியாக அளவிட்டிருந்தார். காடியைத் தவிர்த்த மூன்றுக்கும் தலா ±0.1 என்ற எல்லை. காணும்போது ஒழுங்காகத் தோன்றும் இந்த முறையில், முதல் பகுதியின் பிழை இரண்டாவதற்கும் இரண்டாவதன் பிழை மூன்றாவதற்கும் கைமாறி, எல்லாம் சேர்ந்து காடியின் இடத்தில் வந்து குவிகின்றன.

பின்னர் அவர் இடைவெளியின் ஒரு முகத்தில் தொடங்கி, உறுப்புகளின் வழியே சென்று மறுமுகத்தில் முடியும் வளையமாக எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதினார். ஊசி தரும் இடம் கூட்டல், அதில் அமரும் உறுப்புகள் கழித்தல். குறித்த அளவுகளின்படி 59.3-இலிருந்து 59.2-ஐக் கழிக்க 0.1 மி.மீ. எஞ்சியது, முன்பு அவர் பார்த்திருந்ததும் இதை மட்டுமே. ஊசியின் மூன்று பகுதிகளும் குறைந்தபட்ச எல்லையிலும், ±0.1 எல்லை கொண்ட ஸ்பேசர் அதிகபட்ச எல்லையிலும் வந்தால், இடம் 59.0 ஆகவும் தேவை 59.3 ஆகவும் மாறி, இடைவெளி −0.3 ஆயிற்று. எதிர்த்திசையில் கணக்கிட்டால் அதே இடைவெளி 0.94 வரை விரிந்தது.

காடியை 0.3 மி.மீ. வெளியே தள்ளினால் போதும் என்பதே முதலில் தோன்றும் தீர்வு. அப்படிச் செய்தால் எந்த உறுப்பும் முட்டாது. ஆனால் பெருமத் தளர்வு 1.24 மி.மீ. ஆகி, புல்லி ஊசியின் நீளவாட்டில் முன்னும் பின்னும் ஆடி, பேரிங்கின் உள்வளையம் ஊசியை அரிக்கத் தொடங்கும். ஆகவே அவர் சங்கிலியின் கண்ணிகளையே குறைத்தார். தோளைத் தளமாகக் கொண்டு, அதிலிருந்து காடியின் வெளிச்சுவர்வரை ஒரே அளவாக 59.25 என்றும், அது 0.1 கூடலாம் ஆனால் குறையக்கூடாது என்றும் குறித்தார். நடுப்பகுதியின் விளிம்புகள் இரண்டும் தோளிலிருந்தே தனித்தனியே அளவிடப்பட்டதால், அவற்றின் பிழை இடைவெளியைத் தொடுவதில்லை. ஸ்பேசரின் முகங்களைக் கிரைண்டிங் செய்து, 30-க்கு மேல் போகாமலும் 0.05-க்கு மேல் குறையாமலும் இருக்கும்படி எல்லையை மாற்றினார். முன்பு எட்டாக இருந்த கண்ணிகள் ஐந்தாயின.

புதிய கணக்கில் இடைவெளி 0.05-க்குக் கீழே இறங்குவதில்லை, 0.50-க்கு மேலும் போவதில்லை. எஞ்சிய 0.45 மி.மீ. வேறுபாட்டில் 0.24 பேரிங்குகள் இரண்டின் அகலத்திலிருந்து வருவது. 6204 என்ற அந்தச் சாதாரண வகைப் பேரிங்கின் அகலம் 14 மி.மீ.-ஐ மீறக்கூடாது, 0.12 வரை குறையலாம் என்பது தரவிதி. வாங்கிப் பொருத்தும் உறுப்பாகையால் வரைவாளர் அதைச் சுருக்க முடியாது. எனவே எஞ்சும் தளர்வைப் பீலர் கேஜால் அளந்து, 0.1 மி.மீ. தடிமனுள்ள ஷிம் எனப்படும் மெல்லிய வளையத் தகடுகளைத் தேவையான எண்ணிக்கையில் சர்க்ளிப்புக்கு முன் இடவேண்டும் என்ற குறிப்பை அவர் கூட்டிணைப்பு வரைபடத்தில் சேர்த்தார். அதன் பிறகு எந்தப் புல்லியிலும் 0.05 முதல் 0.15 மி.மீ. வரையிலான தளர்வு மட்டுமே எஞ்சும்.

திருத்தப்பட்ட வரைபடத்தின் மூலைக்கட்டத்தில் திருத்தம் ‘பி’ என எழுதப்பட்டது. லேத்துக்கு அருகில் ஒட்டியிருந்த பழைய பிரதி கிழித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆறு ஊசிகளிலும் சர்க்ளிப் அமர்ந்தது. பிட்டர் அரத்தைத் தொடவில்லை. எல்லைக்குள் வந்த உறுப்புகள் ஒன்றோடொன்று கூடவில்லை என்றால், திருத்தப்பட வேண்டியது உறுப்பு அன்று, வரைபடமே.