வாயில் இல்லாத கடிதம்

பிரம்மதேசத்து நண்பர் எங்கள் இருவரையும் அழைத்துக் கேட்டது இவ்வளவுதான்: "நீங்கள் திண்டிவனம் போய் அவளிடம் பேசிப் பாருங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள்." மணமுறிவுத் தீர்ப்பு வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்த உப்பளத்திற்காக மனைவியின் நகைகளை அவரிடம் கேளாமலே அடகு வைத்தார் நண்பர். எதிர்பாராத மழையில் பாத்திகள் கரைந்தன. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. பிரிவுக்கு நகையைக் காட்டிலும் அந்த மௌனமே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

நாங்கள் போக மறுத்தோம். தொல்காப்பியக் கற்பியல் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கிக் கண்டோர் வரை பன்னிரு வாயில்களைச் சொல்கிறது. ஊடிய தலைவியிடம் தலைவனுக்காகப் பேச வருபவர்கள் இவர்கள். தலைவி வாயில் மறுக்கலாம், அதற்கும் துறை உண்டு. ஆனால் அந்த மறுப்பு ஒரே வீட்டின் கதவுக்குள் நிகழ்வது. ஊடலை உப்புக்கு ஒப்பிட்டு, அளவு மிகுந்தால் கெடும் என்று எச்சரிக்கும் வள்ளுவரும் உறவு அறாத இருவரை மனத்தில் வைத்தே பேசுகிறார். உறவை முறித்துக்கொண்டு போன ஒருவரிடம் இந்த இலக்கணத்தைக் கொண்டு செல்வது தவறு. அவருக்கு எதிரே பன்னிருவர் நிற்கும்போது 'இல்லை' என்பதைப் பன்னிரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

புறநானூற்றுப் பேகன் கதையை நண்பர் நினைவூட்டினார். மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடிய அவனிடம் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நால்வரும் அவளிடம் திரும்பு என்னும் கருத்தில் பாடினார்கள். உயர்ந்த பாடல்கள்தாம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரணர் பாடலில், பேகனுக்கு உறவோ என்று கேட்டபோது கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தான் அவனுக்கு உறவல்லள் என்கிறாள் அவள். அவன் வந்தால் ஏற்பாயா என்று எவரும் கேட்டதாக அப்பாடல்களில் இல்லை. அவள் கண்ணீரையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். (புலவர்களை இதற்காகக் குறை சொல்வது நம் காலத்துத் திமிராகவும் இருக்கலாம்.)

ஆகவே கடிதம் எழுதச் சொன்னோம். தொலைபேசியில் உடனே பதில் சொல்ல வேண்டும், நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதத்தை மடித்து வைத்துவிடலாம்.

முதல் வரைவு நான்கு பக்கம். "நீயின்றி நானில்லை" என்ற வரியை முதலில் அடித்தோம். அது அன்பு போல் தோன்றினாலும் தன் உயிரை அவர் தலைமேல் சுமத்துவது. அம்மாவின் உடல்நலக் குறைவு பற்றிய பத்தியும் போயிற்று. "பொங்கலுக்குள் சொல்" என்பதை எடுக்க நண்பர் நெடுநேரம் ஒப்பவில்லை. மாதக் கணக்கில் யோசித்தவர் தாம்; அவர் அந்த யோசனையை இன்றுதான் தொடங்கப் போகிறார் என்று சொன்ன பிறகே எடுத்தார்.

நகைகளை மீட்டுக் கடிதத்தோடு அனுப்ப எண்ணியிருந்தார். அப்படிச் செய்தால் அது விலையாகிவிடும். எனவே ஆவணியிலேயே, எந்தக் குறிப்பும் இன்றி, அவர் அண்ணன் கையில் சேர்த்தாயிற்று. கடிதம் கார்த்திகையில்தான் போயிற்று. இதில் எங்கள் பிழையும் ஒன்று உண்டு. எங்களில் ஒருவர் அந்த அண்ணனிடம் "தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டார். அதுவும் ஒரு வாயில்தான்.

இறுதியில் ஒரு பக்கம் மிஞ்சியது. நகையைக் கேளாமல் எடுத்தேன், பிறகு பேசாமல் இருந்தேன் என்று பெயர் சொல்லி இரண்டு வாக்கியங்கள். இப்போது வரவுசெலவை எழுதிவைக்கும் வழக்கம் வந்திருப்பதைப் பற்றி ஒரு வாக்கியம். தீர்ப்பு ஆகிவிட்டதால் சேர்வதென்றால் மீண்டும் மணம் செய்வதுதான் வழி என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், இப்போது கேட்பது அதையன்று, ஒருமுறை அமர்ந்து பேசலாமா என்பதை மட்டுமே என்றும் எழுதினார். கடைசியாக: 'இல்லை என்றால் இல்லைதான். பதில் எழுதாவிட்டாலும் அப்படியே எடுத்துக்கொள்வேன். மறுபடி எழுத மாட்டேன்.'

அக்கடைசி வரி எழுதக் கடினமானது, காப்பது அதனினும் கடினம். கார்த்திகை மழையில் அளத்தில் வேலை இல்லை. நண்பர் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசியில் ஒரு குறுஞ்செய்தியை அடித்து அழித்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஏழு வாரங்கள் கழித்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. "படித்தேன். நகையைப் பற்றி நேராக எழுதியதற்கு நன்றி. இப்போது என்னால் முடியாது."

அதைப் பலமுறை படித்த நண்பர், 'இப்போது' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லுக்கு உரை எழுத நாங்கள் மறுத்துவிட்டோம். தை பிறந்திருந்தது. மழையில் சரிந்த பாத்தி வரப்புகளைச் சீர்செய்ய ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மரக்காணம் பேருந்தில் ஏறினார்.