மதிப்பெண் போடுவதற்கு முன்

ஒரு மிக்சியைப் பற்றி எழுதுகிறவருக்கு அது ஒரு பக்கக் கட்டுரை. படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு அது சீட்டு எடுத்த பணம். வாங்கிய மிக்சி சரியில்லை என்றால் நம் வீடுகளில் உடனே மாற்றிவிடுவதில்லை. அதோடு மல்லுக்கட்டியே பல வருடம் ஓட்டுகிறோம். அதனால் பொருட்களைச் சோதித்து எழுத வரும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: எழுதத் தெரிந்தால் போதாது, மதிப்பெண் போடத் தெரிய வேண்டும், மதிப்பெண் எங்கே குறைந்தது என்று சொல்லும் துணிவும் வேண்டும். எல்லார் வீட்டிலும் இருக்கிற மிக்சியை வைத்தே இதை விளக்குகிறேன்.

முதல் வேலை, பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது. நிறுவனம் அனுப்பிவைக்கும் மிக்சி, பொறுக்கி எடுத்த மிக்சியாக இருக்கலாம். கடை அலமாரியில் இருப்பதுதான் வாசகர் வீட்டுக்கும் போகப்போகிறது. அமெரிக்காவில் 1936-ல் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு, சோதிக்கும் பொருட்களைத் தானே கடையில் வாங்கும் வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. வாங்க வசதியில்லாமல் இலவசமாகப் பெற்றுக்கொண்டால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சமூக ஊடகங்களில் பொருட்களைப் பரிந்துரைப்பவர்கள் இலவசமாகப் பெற்றதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

அடுத்தது மதிப்பெண் திட்டம். மிக்சியின் பிளக்கைச் சொருகுவதற்கு முன்பே இதைத் தாளில் எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். விடைத்தாளைப் பார்த்த பிறகு எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று முடிவு செய்கிற ஆசிரியரிடம் எந்த மாணவனுக்கும் நியாயம் கிடைக்காது. சோதித்து முடித்த பின் திட்டம் போட்டால், நம் மனதுக்குப் பிடித்துப்போன மிக்சி எதில் நன்றாகச் செய்ததோ அதற்கே அதிக எடை கொடுப்போம். வேண்டுமென்றே செய்ய மாட்டோம். கை தானாக அப்படிப் போகும்.

நம் சமையலுக்கு நான் வைக்கும் திட்டம் நூற்றுக்கு இப்படி இருக்கும்: உளுந்து மாவு 30, உலர்ந்த பொடி 25, சின்ன ஜாரில் சட்னி 25, சத்தம் 10, கழுவும் சுலபம் 10. பெட்டியில் அச்சிட்ட 750 வாட்ஸ் என்ற எண்ணுக்கு இதில் இடமே கிடையாது. வாட்ஸ் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு நைசாக அரைக்கும் என்பதைச் சொல்லாது. பிளேடின் வளைவு, ஜாரின் அகலம், பிளேடுக்கும் ஜாரின் அடிக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் அரைபடுவதைத் தீர்மானிக்கின்றன.

உலர்ந்த பொடிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். கொத்தமல்லி விதையை ஒரே கடையில், ஒரே மூட்டையில் வாங்குங்கள். வெயிலில் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, நூறு கிராம் பொட்டலங்களாகக் கட்டிவையுங்கள். ஒரு மிக்சிக்கு நன்றாகக் காய்ந்த மல்லியும் இன்னொன்றுக்கு ஈரப்பதமுள்ள மல்லியும் போனால் நீங்கள் சோதித்தது மல்லியைத்தான், மிக்சியை அல்ல. ஒரு நிமிடம் அரைத்து, சற்று நிறுத்தி, இன்னொரு நிமிடம் அரையுங்கள். பிறகு ஒரே சல்லடையில் ஒரே அளவு நேரம் சலித்து, மேலே நிற்கிற கப்பியை சமையலறைத் தராசில் நிறுங்கள். ஐந்து கிராம் வரை நின்றால் பத்துக்குப் பத்து. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று கிராமுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். எட்டு கிராம் நின்றால் ஒன்பது, இருபது கிராம் நின்றால் ஐந்து. இனி ‘நன்றாகப் பொடிக்கிறது’ என்ற சொல்லே தேவைப்படாது.

ஒரு மிக்சிக்கு ஒரு முறை அரைத்தால் போதாது. மூன்று முறையாவது வேண்டும். மோட்டார் ஆறிய பிறகே அடுத்த முறை அரைக்க வேண்டும். எப்போதும் ஒரே மிக்சியை முதலில் ஓட்டாமல் வரிசையையும் மாற்ற வேண்டும். ஒரே மிக்சியில் மூன்று தடவையும் கப்பியின் எடை சற்று முன்னே பின்னே வரும். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறித்துவையுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லும்போது அதுதான் கைகொடுக்கும்.

உளுந்துக்கு இருநூறு கிராம் எடுத்து நாலு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். விடுகிற குளிர்ந்த தண்ணீரையும் அளந்து, எல்லா மிக்சிக்கும் ஒரே அளவு விடுங்கள். அரைத்ததும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மாவு எவ்வளவு பொங்கி வந்திருக்கிறது என்பதை அளவுக் குவளையில் பாருங்கள். மாவில் எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை வெப்பமானியில் பாருங்கள். பொங்கியதற்கு ஐந்து, சூடு ஏறாததற்கு ஐந்து. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த அருமையான சோதனை. ஆனால் அது மிதந்ததா, மூழ்கியதா என்று மட்டும்தான் சொல்லும். மிதக்கிற இரண்டு மாவுகளில் எது மேல் என்று சொல்லக் குவளையின் கோடுதான் வேண்டும்.

சட்னிக்கு அளவுகோல் இன்னும் எளிது. சின்ன ஜாரில் குறைவாகத் தேங்காய் போட்டால் அது பிளேடுக்கு எட்டாமல் மேலே பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்து, ஸ்பூனால் வழித்துவிட்டு, மறுபடியும் ஓட்ட வேண்டியிருக்கும். எத்தனை முறை வழித்துவிட்டோம் என்று எண்ணுங்கள். முறைக்கு ஒரு மதிப்பெண் குறையுங்கள். அவசரமான காலை நேரத்தில் ஒரு மிக்சி தரும் தொல்லையை இதைவிட நேராகக் காட்டும் அளவு எனக்குத் தெரியாது. சத்தத்துக்குக் கைபேசியே போதும். அது காட்டும் டெசிபல் துல்லியமாக இருக்காது; ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து அளந்தால், எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிடலாம்.

மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. ஜாரில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாளின் மேல் ஒரு இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருக்கக் கூடாது. ஜார் சரியாகப் பொருந்தாதபோது மோட்டார் சுற்றுகிறதா, ஓடும்போது மூடி எழும்புகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் மொத்த மதிப்பெண் போடாமல் ‘வாங்க வேண்டாம்’ என்று எழுதிவிட வேண்டும். பாதுகாப்புக் குறையைப் பத்து மதிப்பெண்ணாக்கிக் கூட்டலுக்குள் விட்டால், நல்ல மாவு அரைத்த புகழில் அது மறைந்துபோகும். அதேசமயம், குறிப்பேட்டில் சொன்ன அளவுக்கு மேல் போட்டு மோட்டார் நின்று, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டி வந்தால் அது குறையே அல்ல. மோட்டார் எரியாமல் காப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. சொன்ன அளவுக்குள் போட்டே நின்றால் அது குறை.

இனிக் கணக்கு. முதல் மிக்சி மாவில் 6, பொடியில் 9, சட்னியில் 8, சத்தத்தில் 4, கழுவுவதில் 7 வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அதே வரிசையில் 9, 5, 7, 7, 6. என் திட்டப்படி எடை போட்டுக் கூட்டினால் முதலாவதுக்கு 71.5, இரண்டாவதுக்கு 70. ‘முதல் மிக்சியே வெற்றி’ என்று எழுதக் கை துடிக்கும். எழுதக் கூடாது. ஒரே மிக்சியின் மூன்று தடவைகளுக்கு இடையிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். ஒன்றரை மதிப்பெண் என்பது வெற்றி அல்ல, சமம்.

ஆனால் அதே எண்களை இரண்டு வீடுகளுக்குத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். முதல் வீட்டில் மாவுக்குத் தனியாகக் கிரைண்டர் இருக்கிறது. அவர்களுக்கு மாவின் எடை 10 போதும். பொடிக்கும் சட்னிக்கும் 35, 35. இப்போது முதல் மிக்சிக்கு 76.5, இரண்டாவதுக்கு 64. இன்னொரு வீட்டில் கிரைண்டர் வைக்க இடமில்லாத புதுத் தம்பதி. பொடி கடையிலிருந்து வருகிறது. இட்லி மாவு மட்டும் மிக்சியில்தான். மாவுக்கு 40, பொடிக்கு 15, சட்னிக்கு 25. இப்போது முதலாவது 68.5, இரண்டாவது 74. மிக்சி மாறவில்லை, தேவை மாறியது, தீர்ப்பும் தலைகீழானது. அதனால்தான் மொத்த எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவது வாசகருக்கு உதவாது என்கிறேன். ஐந்து மதிப்பெண்ணையும் அவற்றின் எடையையும் தனித்தனியே அச்சிடுங்கள். அவரவர் தேவைக்கு அவரவர் கூட்டிக்கொள்வார்கள். விலையைக் கூட்டலில் சேர்க்காமல் பக்கத்தில் எழுதுங்கள். தள்ளுபடியில் விலை மாறும், அரைக்கும் தரம் மாறாது.

கடைசியாகக் குறை. ‘வயர் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்’ என்று வலிக்காத ஒரு குறையைச் சொல்லிவிட்டு நடுநிலை காட்டுவது வாசகரை ஏய்ப்பது. குறையை எழுதும்போது என்ன நடந்தது, எந்த அளவில் நடந்தது, யாரைப் பாதிக்கும் என்ற மூன்றும் வேண்டும். ‘சத்தம் சற்று அதிகம்’ என்று எழுதாதீர்கள். ‘உலர்ந்த மல்லியை அரைக்கும்போது அடுத்த அறையில் தூங்கும் குழந்தை எழும் அளவுக்குச் சத்தம், விடிகாலையில் சமைப்பவர்கள் யோசித்து வாங்கவும்’ என்று எழுதுங்கள். நிறைகளை அடுக்கி முடித்த பிறகு கடைசி வரியில் இதைச் சேர்க்காமல், தீர்ப்பைச் சொல்லும் பத்தியிலேயே பக்கத்தில் வையுங்கள். ‘உங்களுக்கு வந்தது பழுதான மிக்சி, வேறு அனுப்புகிறோம்’ என்று நிறுவனம் சொன்னால், வேறு கடையில் இன்னொன்றை நீங்களே வாங்கிச் சோதித்து, இரண்டு முடிவுகளையும் போடுங்கள். பழுதான ஒன்று கடைக்கு வந்ததும் வாசகருக்குத் தேவையான செய்திதான்.

சோதிக்காததையும் சொல்லிவிட வேண்டும். சில வாரச் சோதனையில் மோட்டார் எத்தனை வருடம் உழைக்கும், ஜாரின் வாஷர் எப்போது தேயும், உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்றெல்லாம் தெரியாது. தெரியாத இடத்தில் ‘நீடித்து உழைக்கும்’ என்று எழுதுவது பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதுவதுதான்.

எழுத வரும் பிள்ளைகளே, நீங்கள் போடும் மதிப்பெண்ணை நம்பி யாரோ ஒருவர் கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கப்போகிறார். திட்டத்தை முன்பே எழுதுங்கள், அளந்ததை மட்டும் சொல்லுங்கள், குறையை யாருக்குக் குறை என்று சேர்த்துச் சொல்லுங்கள். இதில் எதற்காவது நேரமில்லை என்றால் அந்தப் பொருளைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுங்கள்.