நானாவின் கடிதமும் மாறிப்போன விலாசமும்

தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு உறவுமுறைக் கடிதம் படிப்பிக்கும்போது, "வெளிநாட்டில் வேலை செய்யும் நீங்கள் முதல் விடுமுறையில் ஊர் வரமுன் பெற்றோருக்கு எழுதும் கடிதம்" என்று தலைப்புக் கொடுப்பது வழக்கம். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காத சங்கதி. அதனால் எங்கள் மூத்த நானா 1992 பெப்ரவரியில் தம்மாமிலிருந்து எழுதிய கடிதத்தை உடன்பிறப்புகள் எல்லோரும் சேர்ந்து தேடி எடுத்தோம். ஊர்ச் சொந்தங்கள் பலரது வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நானா 1990 ஜனவரியில் தண்ணீரூற்றிலிருந்து சவூதிக்குப் போனார். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் கம்பனி டிக்கட்டில் இரண்டு மாத லீவு. அவர் போன அதே வருடம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டோம். ஏறத்தாழ 75,000 பேர். எங்கள் வீட்டில் எட்டுப் பேர் வவுனியா வந்து, அங்கிருந்து புத்தளம் தில்லையடியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் ஒதுங்கினோம். நானாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் முல்லைத்தீவு விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய காம்பில் இருந்த புத்தளத்து ஆள் ஒருவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில்தான் "வடக்கு ஆக்கள் இஞ்ச வந்து நிறைஞ்சிருக்காங்க" என்று இருந்ததாம். அந்த ஆள் லீவில் வந்தபோது நானா கையில் கடிதம் கொடுத்தனுப்பினார். அவர் முகாம் முகாமாக விசாரித்து எங்களைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு எங்கள் விலாசம் "மே/பா" என்று போட்டு ஒரு பள்ளிவாசல் பெயரில் வந்தது. தபால்காரர் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவார். ஜும்ஆ முடிந்து பெயர் கூப்பிடுவார்கள்.

இனி கடிதத்துக்கு வருகிறோம். மேலே 786. அதற்குக் கீழே எல்லோருக்கும் தெரிந்த அந்த வாசகம்: "அன்பும் பாசமும் நிறைந்த வாப்பா உம்மா அவர்களுக்கு மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு அல்லாஹ்வின் கிருபையால் நலம். அதுபோல் உங்கள் அனைவரின் நலனுக்கும் துஆச் செய்கிறேன்."

பிறகு சலாம். இதில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் உம்மும்மா, பிறகு ராத்தாவும் மச்சானும், பிறகு தம்பிமார் வயதுப்படி, கடைசியாகத் தங்கச்சி. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு வரியாவது இருக்கும். கடிதம் கொட்டிலுக்குள் சத்தமாக வாசிக்கப்படும். பெயர் விடுபட்டால் அன்று முழுவதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடியிருக்கும். இது தெரிந்துதான் நானா ஒருவரையும் விடவில்லை. ஊரில் பக்கத்து வீட்டுத் தமிழ் ஐயாவுக்கும் வழக்கம்போல் சுகம் விசாரித்து எழுதியிருந்தார். அந்த ஐயாவுக்கு அதைச் சொல்லி அனுப்ப எங்களுக்கு வழி இருக்கவில்லை.

நடுப்பகுதி வரவைப் பற்றியது. "நோன்புக்கு முதல் வந்துவிட நினைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்" என்றிருக்கிறதே தவிர திகதி இல்லை. அவரால் போட முடியாது. பாஸ்போர்ட் கபீலின் கையில். லீவில் வருவதென்றால் போய்த் திரும்பும் விசா அடிக்க வேண்டும். இகாமாவைக் கொடுத்துப் பாஸ்போர்ட்டை வாங்க வேண்டும். அதன் பிறகே டிக்கட். இதில் எது தாமதித்தாலும் நாள் தள்ளும். கடிதம் வந்துசேர இரண்டு மூன்று கிழமை எடுக்கும் காலம் அது. உறுதியான திகதியை எழுதினாலும் கடிதத்துக்கு முன்னே ஆள் வந்து நிற்கலாம்.

"எல்லோரும் எயார்போர்ட் வர வேண்டாம். வாப்பாவும் மச்சானும் மட்டும் போதும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்" என்று அடிக்கோடிட்டிருந்தார். அப்போது வடக்கு விலாசம் போட்ட அட்டையோடு சோதனைச் சாவடி தாண்டுவது இலேசல்ல என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது சாமான். "அங்கே கரண்ட் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். முன்பு ஊருக்கு டீவி கொண்டுவருவதாகச் சொன்னவர், இந்தக் கடிதத்தில் பெட்டரியில் வேலை செய்யும் டூ-இன்-வன் வாங்குவதாக எழுதினார். தம்பிமாருக்குச் செருப்பு வாங்க அளவு கேட்டு முதலே எழுதியிருந்தார். நாங்கள் கடதாசியில் கால் வைத்துப் பென்சிலால் கோடு கீறி அனுப்பியிருந்தோம். அந்தக் கடதாசி கிடைத்த விஷயத்தை ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறார்: "இவ்வளவு பெரிய கால் யாருடையது என்று எனக்கு விளங்கவில்லை, பெயரும் எழுதி அனுப்பியிருக்கலாம்." இரண்டு வருடத்தில் தம்பிமார் வளர்ந்திருந்தார்கள்.

கடிதத்தில் இல்லாதவையும் உண்டு. சம்பளம் எவ்வளவு என்று இல்லை. யுத்த நாட்களில் தம்மாமில் எப்படி இருந்தார் என்று இல்லை. நாங்களும் எழுதிய பதில்களில் உம்மாவின் காய்ச்சலையும், மழைக்குக் கொட்டில் ஒழுகியதையும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் "நலம்" என்றே எழுதிக்கொண்டோம். நானா வந்து கொட்டிலைப் பார்த்த அன்றுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. அவருடைய முதுகில் இருந்த தழும்பைப் பார்த்துத்தான் எங்களுக்கு விளங்கியது, அவர் வேலைத்தளத்தில் விழுந்திருக்கிறார் என்று.

கடிதத்தின் கடைசி வரியில் "வீட்டுக்கு வருகிறேன்" என்று எழுதி, "வீட்டுக்கு" என்ற சொல்லை வெட்டி, "உங்களிடம் வருகிறேன்" என்று மாற்றியிருக்கிறார். அந்த வெட்டு இன்றும் தெளிவாகத் தெரிகிறது. வாசித்துக் காட்டிய ராத்தா அந்த இடத்தில் நின்றுவிட்டதாக உம்மா சொல்வார்.

நோன்புக்கு மூன்று நாள் இருக்க நானா வந்தார். சூட்கேசில் சம்சம், ஈச்சம்பழம், கம்பளி, செருப்புகளோடு ஒரு பழைய உறையும் இருந்தது. 1990 இறுதியில் அவர் தண்ணீரூற்றுக்கு எழுதி, சேர்க்க முடியாமல் முத்திரை குத்தித் திருப்பப்பட்ட கடிதம். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. ஊர் விலாசம் எழுதின கடதாசி அது ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியது. மற்றதெல்லாம் விட்டு வந்த வீட்டோடு போயிற்று.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது காணிக்கு ஆதாரம் கேட்டார்கள். பெர்மிட் தொலைந்திருந்தது. அந்த உறையை வாப்பா ஓர் அலுவலகத்தில் நீட்டினார். உறை உறுதிப்பத்திரம் ஆகாது என்று சொன்னார்கள், அது சரிதான். ஆனால் பெயர், ஊர், தபால் முத்திரைத் திகதி மூன்றும் அதில் இருந்தன. பழைய வாக்காளர் இடாப்போடும் அயலவரின் சாட்சியோடும் சேர்த்து அதையும் கோவையில் போட்டார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களில் அந்தப் பக்கத்து வீட்டு ஐயாவின் மகனும் ஒருவர். நானா சுகம் விசாரித்து எழுதியிருந்ததை அன்றுதான் அவரிடம் சொல்ல முடிந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி உறை இருந்தால் கடிதத்தை மட்டும் எடுத்துவைத்து உறையை எறிந்துவிடாதீர்கள். விலாசமும் முத்திரையும் உறையில்தான் இருக்கின்றன. நீரில் பட்டிருந்தால் நிழலில் உலர்த்தி, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அந்தத் திருப்பி வந்த கடிதத்தை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. வாப்பா மவுத்தாகும்வரை பிரிக்கச் சொல்லவில்லை. நானா அதில் என்ன எழுதினார் என்று கேட்டால், "எல்லாருக்கும் சலாம்தான்" என்கிறார்.