மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தால் தெரு குளிருமா?

மே மாதம் டிவியில் வெயில் பட்டியல் வாசிக்கும்போது திருத்தணி பெயர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரு விநோதமான பெருமை. "பார்த்தியா, நம்ம பக்கம்தான் முதல்ல" என்பார்கள். பொதட்டூர்பேட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பட்டியலில் எங்கள் பெயர் இல்லையே தவிர, வெயில் ஒன்றும் குறைவில்லை :-)

போன கோடையில் எங்கள் மொட்டைமாடிக்கு நைனா சுண்ணாம்பு அடித்தார். மத்தியானம் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிந்தது. ஆயா கீழே படுத்துக்கொண்டே, "தளம் அனல் அடிக்கல" என்று சர்டிபிகேட் கொடுத்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் அடிச்சா ஊரே குளிர்ந்துடும் போல" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஊர் நிஜமாகவே குளிருமா? எத்தனை டிகிரி?

தேட ஆரம்பித்ததும் முதலில் புரிந்தது, இங்கே மூன்று வெப்பநிலைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது. கூரையின் மேற்பரப்பு ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் காற்று இன்னொன்று, தெருவில் நம் முகத்தில் படும் காற்று மூன்றாவது. வெள்ளையடித்தால் மேற்பரப்பு இருபது டிகிரி வரைகூடக் குறையலாம். பெயிண்ட் விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். வீட்டுக்குள் போனால் அது இரண்டு, மூன்று டிகிரியாகச் சுருங்கும். 2017-ல் ஹைதராபாத்தின் தேவரகொண்டா பஸ்தியில் எளிய மக்களின் 25 வீடுகளுக்கு வெள்ளைப் படலம் போட்டு, போடாத வீடுகளோடு ஒப்பிட்டார்கள். உள்ளே சராசரியாக 2 டிகிரி குறைந்திருந்தது. அதே ஊரில் அதற்கு முன்பே அலுவலகக் கட்டடங்களில் அளந்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. சாதாரண கான்கிரீட் தளத்துக்கு வெள்ளையடித்தாலே ஏசி செலவழிக்கும் மின்சாரம் 10 முதல் 19 சதவீதம் குறைந்ததாம். இதையெல்லாம் பார்த்துத்தான் தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கு என்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

சரி, தெரு? அங்கேதான் சிக்கல். ஒரு வீட்டை அளப்பது சுலபம், ஒரு பேட்டை முழுவதற்கும் வெள்ளையடித்து அளப்பது அவ்வளவு சுலபமா என்ன? அதனால் தெருக்காற்று பற்றிய எண்களில் பெரும்பாலானவை கணினி மாதிரிகளிலிருந்து வருபவை. 2018 கோடையின் மிகச் சூடான இரண்டு நாட்களை எடுத்துக்கொண்டு, லண்டன் முழுக்கக் குளிர்கூரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள் (இந்த ஆய்வு வந்தது 2024-ல்). வெளிக்காற்று சராசரியாக 1.2 டிகிரி குறைந்திருக்கும் என்று விடை வந்தது. முழுக்க என்றால் ஒரு வீடுகூட விடாமல்.

கணினியை நம்பாதவர்களுக்கு, தெரியாமலே நடந்துபோன ஒரு பரிசோதனை இருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் 25,000 ஹெக்டேருக்கும் மேல் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் காய்கறி பயிரிடுகிறார்கள். கோடையில் செடி வாடாமல் இருக்கக் கூடாரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது அங்கே வழக்கம். ஆமாம், எங்கள் நைனா அடித்த அதே சரக்கு! 1983 முதல் 2006 வரையிலான பதிவுகளை எடுத்துப் பார்த்தால், சுற்றுப்பகுதிகள் பத்தாண்டுக்கு 0.5 டிகிரி சூடாகிக்கொண்டிருந்தபோது, கூடாரப் பகுதி மட்டும் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி குளிர்ந்திருக்கிறது. ஆனால் அவை வீடுகள் அல்ல, மேய்ச்சல் நிலத்தில் எழுந்த கூடாரங்கள். ஆகவே அப்படியே எடுத்து நம் ஊருக்கு ஒட்டவைக்க முடியாது. நிலம் வெளுத்தால் அதன் மேலிருக்கும் காற்றும் குளிரும் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. பல நகர ஆய்வுகளைத் தொகுத்ததில் கிடைத்த தோராயமான விதி ஒன்று உண்டு. ஒரு பகுதி திருப்பி அனுப்பும் வெயிலின் பங்கு 0.1 கூடினால், காற்று சராசரியாக 0.3 டிகிரி குறையும். எங்கள் தெருக்களைப் போன்ற நெருக்கமான இடத்தில் நிலப்பரப்பில் 40 சதவீதம் கூரை என்று வைத்துக்கொள்வோம். பழைய கான்கிரீட் விழும் வெயிலில் 0.25 பங்கைத் திருப்பும், கொஞ்சம் தூசி படிந்த வெள்ளை 0.65. வித்தியாசம் 0.4. கூரை 40 சதவீதம்தான் என்பதால் ஊர் முழுமைக்கும் 0.16. ஆக, எல்லாரும் அடித்தால் சுமார் அரை டிகிரி. பத்தில் ஒருவர் அடித்தால் 0.05 டிகிரி, அதை எந்தத் தெர்மாமீட்டரும் கண்டுபிடிக்காது.

அந்த அரை டிகிரிகூட நமக்கு முழுசாகக் கிடைக்குமா என்பது சந்தேகம். விதி பெரிய நகரங்களை வைத்து வந்தது. எங்கள் ஊரின் குறுக்களவு இரண்டு கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று பதினொரு நிமிடத்தில் ஊரைக் கடந்துவிடும். வெள்ளைக் கூரைகளின் மேல் குளிர அதற்கு நேரம் ஏது? நாம் செலவு செய்து குளிர்வித்த காற்று அடுத்த ஊர் வயலுக்குப் போய்விடும்!

இன்னொன்று, நகர வெப்பத்தீவு முகத்தைக் காட்டுவது முக்கியமாக இரவில். பகலெல்லாம் சூட்டைக் குடித்த சுவரும் ரோடும் பொழுது சாய்ந்த பிறகு அதைக் கக்குகின்றன. சந்து குறுகலாக இருந்தால் ஒரு சுவர் கக்கியதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்ளும். கூரையோ வேலை செய்வது உச்சிவெயிலில். தளம் பகலில் குறைவாகக் குடிப்பதால் ராத்திரி கீழே தூங்குகிறவருக்கு லாபம். ஆனால் ரோடும் சுவரும் அப்படியேதானே இருக்கின்றன? அதனால் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது.

அளப்பதில் நானே ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நண்பனிடம் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் (துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது) கடன் வாங்கி, தறிக்கூடத்தின் பளபளக்கும் புதுத் தகரத்தைச் சுட்டேன். வெள்ளைத் தளத்தைவிடக் குறைவாகக் காட்டியது. தகரமே போதும் போலிருக்கிறது என்று கையை வைத்தேன்... சுட்டுவிட்டது. பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது ரொம்பக் குறைவு. அந்தக் கருவி கதிரை வைத்துத்தான் அளக்கிறது, அதனால் ஏமாந்துபோகிறது. கதிராக வெளியேற முடியாத சூடு தகரத்திலேயே தங்குகிறது. இதனால்தான் வெயிலைத் திருப்பினால் மட்டும் போதாது, வாங்கிய சூட்டை வெளியேயும் விடவேண்டும் என்கிறார்கள். வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். சரியாக அளக்க, தகரத்தில் ஒரு கறுப்பு டேப் ஒட்டி, சற்று நேரம் கழித்து அதன் மேல் குறிவைக்கவேண்டுமாம்.

தறிக்கூடத்தில் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஓடினால் அது வாங்கும் சக்தியெல்லாம் கடைசியில் சூடாகி அந்தக் கூடத்துக்குள்ளேயே நிற்கும், குறைந்தது முக்கால் கிலோவாட். எட்டுத் தறி என்றால் ஆறு கிலோவாட், ஆறு அயர்ன் பெட்டி எரிகிற மாதிரி. கூரையை எவ்வளவு வெளுத்தாலும் இது போகாது. உயரத்தில் சூடான காற்று வெளியேற ஒரு வழி வேண்டும், கூடவே கூரையும் வெளுக்கவேண்டும்.

நைனா அடித்த சுண்ணாம்பு ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிட்டது. மீதியில் தூசி. இந்த வருஷம் மாசி முடிவதற்குள் மாடியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பசை கலந்து இரண்டு கை அடிக்கப் போகிறோம். தறிக்கூடத் தகரத்துக்கும் சேர்த்து. பக்கத்து வீட்டு அண்ணன், மீதி இருந்தால் தனக்கும் ஒரு வாளி வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்.